உஷாரா இருங்க, பெரியம்மா

பெரியம்மா விழுந்த கதையை நான் நான்கு முறை கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது ஐம்பது முறையாவது இருக்கும். மைசூரு சரஸ்வதிபுரத்தில் அவர் வீட்டுப் பின்கட்டில், துணி காயப்போடும் இடத்தில், ஈரமான படியில் கால் வழுக்கியது. இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. எண்பத்தோரு வயது. பந்துக் கிண்ண மூட்டில் பந்தை மட்டும் எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்தினார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் தொந்தரவே ஆரம்பித்தது. தொந்தரவு காலில் அல்ல, போனில்.

கோயமுத்தூர், சேலம், சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டார்கள். எல்லோரும் அக்கறையோடுதான் கூப்பிட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "எப்படி விழுந்தீங்க?" பெரியம்மா ஒவ்வொருவருக்கும் படியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் இன்னொரு முறை விழுந்தார். கேட்டவர்கள் பதிலுக்கு அவரவர் வீட்டில் விழுந்தவர்களின் கதையைச் சொன்னார்கள். அதில் சிலர் பிறகு எழுந்து நடந்தவர்கள், சிலர் நடக்காதவர்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு யோசனை: பாத்ரூமில் ரப்பர் பாய் போடுங்கள், கேழ்வரகு சாப்பிடுங்கள், அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். யோசனை சொல்வதென்றால், கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாய் என்று சொல்வதும்தான். படுத்திருப்பவர் காதில் அது அப்படித்தான் விழும்.

மூன்றாவது வாரம் அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், எனக்குப் போன் செய்தார். "நீயாவது அம்மாகிட்ட வேற ஏதாவது பேசு. முதல்லயே எழுதி வெச்சுக்கிட்டுப் படி. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். அதுக்கு மேல அம்மாவால போனைப் பிடிக்க முடியல."

எழுதுவது என் தொழில். பெரியம்மாவுக்கு ஆறுதலாக இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது. முதலில் எழுதியதைப் படித்துக் காட்டி நான் ஒரு அடி வாங்கியதால்தான் இதையே எழுதுகிறேன்.

முதல் கடிதம் இப்படி இருந்தது. "அன்புள்ள பெரியம்மாவுக்கு வணக்கம். நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்ற செய்தியைக் கேட்டதிலிருந்து எங்கள் எல்லோருக்கும் மனசே சரியில்லை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டதால் இனிமேல் பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. கூடிய சீக்கிரம் பூரண குணமடைந்து, பழையபடி கூடத்தில் தரையில் உட்கார்ந்து நீங்கள் பூத்தொடுப்பதைப் பார்க்க நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் பதினெட்டாம் தேதிக்கு முன்னால் எங்களால் வர இயலவில்லை."

தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத கடிதம். ராகம் போடாமல் நிதானமாகத்தான் படித்தேன். வரிக்கு வரி பெரியம்மா "ம்", "ம்" என்றார். முடிந்ததும் "சரி கண்ணு, சந்தோஷம்" என்றார். நானும் நிம்மதியாகப் போனை வைத்தேன். அரைமணி நேரத்தில் அக்கா கூப்பிட்டார். "என்ன சொன்னே அம்மாகிட்ட? 'நான் எதுக்குப் பயப்படணும், டாக்டர் ஏதாவது சொல்லி நீங்க மறைக்கறீங்களா'ன்னு கேக்கறாங்க. நீங்க வரவே போறதில்லையாமே?"

இரண்டையும் நான் சொல்லவில்லை. இரண்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

இது எப்படி நடந்தது என்று புரிய, காதைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். அதற்கு மைசூருவை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. பெரியம்மா வீட்டிலிருந்து குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் மானசகங்கோத்ரி. 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பேச்சையும் கேட்கும் திறனையும் ஆராய்வதற்கென்றே நாட்டில் எழுந்த முதன்மையான நிறுவனம் அது. இரண்டு வருஷத்துக்கு முன் பெரியம்மாவின் காதுக்கு எடுத்த சோதனைத் தாள் அக்காவிடம் இருந்தது. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்தத் தாளில் கோடு இடமிருந்து வலமாகப் போகிறது. இடது ஓரத்தில் கனத்த, தாழ்ந்த ஓசைகள், வலது ஓரத்தில் கீச்சென்ற ஓசைகள். பெரியம்மாவின் கோடு இடது பக்கம் ஓரளவு மேலேயே நின்று, நடுவைத் தாண்டியதும் பூங்காச் சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கிவிடுகிறது.

வயதானால் பெரும்பாலோரின் கோடு இப்படித்தான். உட்காதில் நத்தைக் கூடு போல ஒரு சுருள் இருக்கிறது. அதன் வாசலில் இருக்கும் மெல்லிய உணர்செல்கள் கீச்சு ஓசைகளை வாங்குகின்றன. உள்ளே போகப் போகத் தாழ்ந்த ஓசைகள். முதுமையில் முதலில் தேய்வது வாசல் பக்கம். நாம் பேசுவதில் ஆ, ஓ, ஊ போன்ற உயிரோசைகள் தாழ்ந்தவை, பலமானவை. க, ச, த, ப போன்ற வல்லின மெய்கள் மெலிந்தவை, கீச்சுப் பக்கம் சாய்ந்தவை. பேச்சுக்குச் சத்தத்தைக் கொடுப்பது உயிர், சொல்லை அடையாளம் காட்டுவது மெய். ஆகவே பெரியம்மாவுக்கு நான் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறேன் என்பதுதான் கேட்பதில்லை. "கேக்குது, புரியல" என்று முதியவர்கள் சொல்வதை நாம் மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். அது காதின் கணக்கு.

போன் இதை இன்னும் கெடுக்கிறது. பழைய தொலைபேசி முறை மனிதக் குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான துண்டை மட்டுமே கடத்தியது. 'ஸ்', 'ச்' போன்றவற்றின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் அப்படியே வெட்டுப்பட்டுவிடும். இப்போது இரண்டு பக்கமும் 4ஜி குரல் அழைப்பு சரியாக இணைந்தால் ஏறக்குறைய 7,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒரு முனையில் சிக்னல் குறைந்தால் பழைய குறுகல் குரலுக்கே இறங்கிவிடும். நான் முதல் கடிதத்தைப் படித்தபோது பெரியம்மா பின்கட்டு அறையில், சிக்னல் இரண்டு கோடு நிற்கும் இடத்தில் படுத்திருந்தார்.

நேரில் பேசினால் கண் உதவும். எதிரே இருப்பவரின் உதடும் முகமும், விட்டுப்போன மெய்யெழுத்துகளைப் பாதி நிரப்பிக் கொடுத்துவிடும். போனில் அந்தத் துணையும் இல்லை.

இவ்வளவும் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கென்று தனியாக ஒரு சங்கடம் இருப்பதை அன்று இரவு என் முதல் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் கண்டேன். நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வருகிறேனா, வரவில்லையா, வந்தாயிற்றா, வரலாமா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசி இரண்டு அசையில்தான் முடிவாகிறது. பேசுகிறவரின் மூச்சு குறைவதும் குரல் இறங்குவதும் அதே இடத்தில்தான். எந்த இடத்தில் அர்த்தம் முடிச்சுப் போடுகிறதோ அந்த இடத்தில் நாம் மெதுவாகப் பேசுகிறோம்.

"பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில், முழு மூச்சோடு வருவது பயம். கடைசியில், மூச்சு ஓயும் இடத்தில் வருவது இல்லை. பெரியம்மாவின் காதுக்குப் பயம் போய்ச் சேர்ந்தது, இல்லை சேரவில்லை. ஆறுதல் என்று நாம் நினைக்கிற பாதி வாக்கியங்கள் இப்படித்தான் இருக்கின்றன: கவலைப்படாதீங்க, வலி இருக்காது, ஒண்ணும் ஆகாது. கெட்ட சொல்லை முன்னால் வைத்து, அதை அழிக்கும் சொல்லைப் பின்னால் வைக்கிறோம். நல்ல காதுக்கு இது பிரச்சினை இல்லை.

இரண்டாவது சேதமும் அதே இடத்தில்தான். "வர இயலவில்லை" என்பதற்கு முன்னால் ஒரு நீண்ட வாக்கியமே நிற்கிறது. அதில் பரீட்சை, தேதி, முன்னால் எல்லாம் கலங்கிப்போய், "வர… இல்லை" மட்டும் மிஞ்சியது. தேதியும் தப்பு. பதினேழு, பதினெட்டு இரண்டும் போனில் ஒரே சத்தம்தான். 'பள்ளிக்கூட லீவு விட்டதும்' என்று சொல்லியிருந்தால் தடுமாற இடமில்லை. பேச்சுத் தமிழில் இன்னொரு குழியும் உண்டு. வர்றேன், வர்றோம் இரண்டின் கடைசி மெய்யையும் நாம் உச்சரிப்பதே இல்லை, மூக்கால் ஒரு இழுப்போடு விட்டுவிடுகிறோம். நான் ஒருவன் வருகிறேனா, குடும்பத்தோடு வருகிறேனா என்பது போனில் தெரியாது. "நானும் அம்மாவும்" என்று ஆளை முன்னால் சொல்லிவிட்டால் அந்த இழுப்பு போனாலும் பரவாயில்லை.

மூன்றாவது தப்பு மொழியில் இல்லை, என் அறியாமையில். "பழையபடி தரையில் உட்கார்ந்து பூத்தொடுப்பது." மூட்டு மாற்றியவர்களைத் தாழ்வாக உட்காராதீர்கள், சம்மணம் போடாதீர்கள், காலைக் குறுக்கே போடாதீர்கள் என்று எச்சரித்துத்தான் அனுப்புகிறார்கள். இடுப்பு அளவுக்கு மேல் மடங்கினால் புதுப் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவும் அபாயம் இருக்கிறது, முதல் மாதங்களில் அதிகம். பெரியம்மாவிடம் மருத்துவர் இனி தரையில் உட்காரும் பழக்கத்தையே விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். அவர் அதற்காக ஒரு ராத்திரி அழுதிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் நல்ல வார்த்தை என்று நினைத்து அந்தப் புண்ணிலேயே கை வைத்திருக்கிறேன். கடிதம் எழுதும் முன் கூட இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும்: நேற்றைவிட இன்றைக்கு எது கொஞ்சம் தேறியிருக்கிறது? எதை இனிமேல் செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்? முதலாவதைச் சொல்ல வேண்டும், இரண்டாவதைத் தொடக்கூடாது.

அக்காவிடம் கேட்டேன். தையல் பிரித்தாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து முன்வராந்தா வரை நடந்தாயிற்று. அது இருபது அடிகூட இருக்காது. ஆனால் அந்த வராந்தாவில்தான் மல்லிகைத் தொட்டிகள் இருக்கின்றன.

அங்கேதான் கடிதத்துக்கு விஷயம் கிடைத்தது. போன ஆடியில் மைசூரு போயிருந்தபோது பெரியம்மா ஒரு மைசூரு மல்லிகைக் குச்சியை ஈரத்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். அது இப்போது எங்கள் மொட்டைமாடியில் மொட்டு விட்டிருக்கிறது. அவர் விழுந்ததைப் பற்றி இல்லாத, அவர் கை பட்ட ஒரு செய்தி.

இன்னொரு சொல்லும் கிடைத்தது. ஐம்பத்தைந்து வருஷமாக மைசூருவில் இருப்பவர் பெரியம்மா. பெரியப்பா அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். பெரியம்மாவின் தமிழில் கன்னடம் ஊறியிருக்கிறது. நமக்கு உஷார் என்றால் எச்சரிக்கை. திருடன் வருகிறான், உஷார். கன்னடத்தில் அந்த அர்த்தம் உண்டு, கூடவே உடல் நலம் என்ற அர்த்தமும் உண்டு. மைசூருவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் "ஹுஷாரில்ல" என்பார்கள். தேறிவிட்டால் "ஹுஷாராகித்தாரே". நாம் "பூரண நலம் பெறுங்கள்" என்று ஒரு மைல் நீளத்துக்குச் சொல்வதை அந்த ஊரில் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதிலும் அகலமான உயிரோசைகள்தான் நிறைய. தேய்ந்த காதும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது கடிதத்தை வாயால் சொல்லிச் சொல்லித்தான் எழுதினேன். எழுத்துத் தமிழை விட்டுவிட்டேன். ஒரு வரிக்கு ஒரு விஷயம், ஒரு மூச்சு. ஒவ்வொரு புது விஷயத்துக்கும் முன்னால் 'பெரியம்மா' என்று கூப்பிட்டு ஒரு நொடி நிறுத்தம். கூப்பிடுவது பாசத்துக்காக மட்டும் இல்லை. இப்போது வேறு பேச்சு வருகிறது என்று காதைத் திருப்பிவிடும் மணி அது. கடைசியில், இதில் ஒன்றா அதில் ஒன்றா என்று கேட்கும் ஒரு கேள்வி. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

*

பெரியம்மா.

நான்தான் பேசறேன். கோயமுத்தூர்லருந்து.

உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கேன். படிக்கறேன். நீங்க சும்மா சாஞ்சுக்கிட்டுக் கேளுங்க.

பெரியம்மா, போன ஆடில ஒரு மல்லிகைக் குச்சி குடுத்தீங்க. ஈரத்துணில சுத்திக் குடுத்தீங்க.

மாடியில தொட்டி வெச்சு நட்டேன். அது பொழைச்சுக்கிச்சு.

நேத்துக் காலையில மொட்டு விட்டிருக்கு. ஒரு கை நிறைய மொட்டு.

அம்மா தினமும் போய் அது பக்கத்துல நிக்கறாங்க. எங்க அக்கா குடுத்த செடின்னு, வர்றவங்க எல்லார்கிட்டயும் காட்டறாங்க.

பெரியம்மா, உங்க தையல் பிரிச்சாச்சுன்னு அக்கா சொல்லுச்சு. காயம் நல்லா ஆறியிருக்குன்னு சொல்லுச்சு.

நேத்து வராந்தா வரைக்கும் நடந்தீங்களாம். கேட்டதும் அம்மா அழுதுட்டாங்க. அப்புறம் எழுந்து எல்லாருக்கும் காப்பி போட்டாங்க.

பெரியம்மா, முடியற அன்னைக்கு நடங்க. முடியாத அன்னைக்குப் படுத்துக்கங்க. ரெண்டும் சரிதான்.

பெரியம்மா, நானும் அம்மாவும் வர்றோம். பள்ளிக்கூட லீவு விட்டதும் வர்றோம். சத்தியமங்கலம் போயி, திம்பம் மலை ஏறி, கார்ல வர்றோம். நாலு நாள் உங்ககூட இருப்போம்.

அம்மா பூப் பறிக்கட்டும். நீங்க நாற்காலில உட்கார்ந்து தொடுத்துக் குடுங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தச் செடிக்குத் தண்ணி எப்ப ஊத்தறது? காலையிலயா, சாயங்காலமா?

உஷாரா இருங்க, பெரியம்மா.

*

நிறுத்தி நிறுத்திப் படித்தால் இது இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் கடிதம் இதில் பாதிதான், ஆனால் அதைக் கேட்பதற்கு இருமடங்கு உழைப்பு வேண்டும். "முடியாத அன்னைக்கு" என்று ஒரு எதிர்மறை இதிலும் இருக்கிறது. எடுத்துவிடத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. நட, நட என்று எல்லோரும் விரட்டும்போது படுத்துக்கொள்ளவும் ஒருவர் அனுமதி தர வேண்டுமே. அந்தப் பாதி காதில் விழாவிட்டாலும் "படுத்துக்கங்க, சரிதான்" என்பது விழும். அது போதும்.

எழுதியதோடு வேலை முடியவில்லை. எப்போது படிப்பது? அக்கா சொன்ன நேரம் காலை பத்தரை. குளியல், காலை மாத்திரை, நடைப்பயிற்சி எல்லாம் முடிந்து, மதியத் தூக்கத்துக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி. சாயங்காலம் வேண்டாம் என்றார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதியவர்கள் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் மனசு கலங்கும். இது மருத்துவமனையா வீடா என்று குழம்புவார்கள், இல்லாத ஆளைத் தேடுவார்கள். பெரியம்மாவுக்கும் முதல் வாரத்தில் அது இருந்தது. அந்த நேரத்தில் போனில் வரும் ஒரு குரல் குழப்பத்தைக் கூட்டும்.

அடுத்தது போனைப் பிடிக்கும் விதம். பெரியம்மா காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வைத்திருக்கிறார். போனை நம்மைப் போலவே காதுத் துளைமேல் அழுத்தி வைப்பார், கருவி உய்யென்று விசிலடிக்கும், கழற்றி வைத்துவிடுவார். கருவியின் மைக் இருப்பது காதுக்குள் அல்ல, காது மடலின் மேல் முனையில். போனின் மேல்பகுதியைக் கொஞ்சம் தூக்கி, அந்த மைக்குக்குப் பக்கத்தில், ஒட்டாமல் பிடித்தால் விசிலும் போகும், குரலும் தெளியும். இதை அக்கா கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைப்பது கைக்குச் சுகம், காதுக்கு இல்லை. வெற்றுச் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலித்துக் குழம்பிவிடும். ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும் என்றால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைத் தலையணை ஓரத்தில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைக்கலாம். வராந்தாப் பக்கத்து அறைக்கு மாறியதும் சிக்னலும் நான்கு கோடு ஏறியது.

படிக்கிறவர் செய்யும் பெரிய தப்பு கத்துவது. கத்தினால் உயிரோசைகள்தான் பெரிதாகும், மெய்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சத்தம் கூடும், தெளிவு குறையும். கேட்பவருக்கு நாம் கோபப்படுவதாகவும் தோன்றும். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் அம்மாவுக்குக் காது மந்தம். மற்றவர்கள் அவரிடம் பேச ஊதுகுழலில் கத்தியபோது, பெல் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுவாராம். அது அவருக்குப் புரிந்தது. பக்கத்தில், தாழ்வாக, நிதானமாக: போனில் படிப்பதற்கும் இதுதான். வழக்கமான குரலைவிட அரைச் சுருதி இறக்கிக்கொள்ளலாம். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். "வர்றோம்" என்பதை "நானும் அம்மாவும்" அளவுக்கே ஓங்கிச் சொல்ல வேண்டும். பழக்கம் இல்லாததால் முதலில் நாடகம் மாதிரி இருக்கும். நான் மாடியில் செடிக்கு இரண்டு முறை படித்துப் பழகினேன்.

இப்படிப் படிப்பதற்கு அந்த ஊரிலேயே ஒரு முன்னோடியும் உண்டு. மைசூருவில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி 1935-இல் தன் வீட்டிலேயே ஒரு சிறிய வானொலி நிலையத்தை நடத்த ஆரம்பித்தார். ஆகாசவாணி என்று பெயர். பிற்பாடு நாடு முழுதும் வானொலிக்கு அந்தப் பெயரே நின்றது. முகம் தெரியாமல் ஒரு வீட்டுக்குள் குரலை மட்டும் அனுப்புகிற வேலையை மைசூரு ரொம்ப நாளுக்கு முன்பே பழகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் கைநடுக்கத்துக்கு அது கொஞ்சம் உதவியது.

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். "கேக்குதா பெரியம்மா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "கேக்குது கண்ணு"தான். நம்மைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற மரியாதை அது. "ம்" கொட்டுவதையும் நம்ப முடியாது. முதல் கடிதத்துக்கு வந்த "ம்"கள் எல்லாம் ஒரே இடைவெளியில், சிரிக்க வேண்டிய இடத்திலும் வருந்த வேண்டிய இடத்திலும் ஒரே மாதிரி வந்தன. நான் கவனித்திருக்க வேண்டும். கேட்காதவர்கள் நம் மூச்சை வைத்துத்தான் "ம்" கொட்டுகிறார்கள். காலையிலா சாயங்காலமா என்ற கேள்விக்கு மரியாதையாக "ஆமா" என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றைச் சொன்னால் கேட்டிருக்கிறது. "ஆமா" என்றால் கேட்கவில்லை, நாளைக்கு மறுபடி படிக்க வேண்டியதுதான். கேள்வி அவருக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றி இருக்க வேண்டும். உடம்பைப் பற்றி இருக்கக் கூடாது. மூன்று வாரமாக அவரை எல்லோரும் நோயாளியாகத்தான் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிடலாமே, வேண்டும்போது திரும்பக் கேட்கலாமே என்று என் மகள் கேட்டாள். நல்ல யோசனைதான், பிறகு அதையும் அனுப்பினேன். ஆனால் அதில் நமக்கு எதுவும் திரும்பி வராது. தினமும் ஒரே நேரத்தில் பேசுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாத சிலது தெரியும். நேற்று ஒரே மூச்சில் சொன்ன வாக்கியத்தை இன்று இரண்டு மூச்சில் சொல்கிறாரா? மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து சில வாரங்கள் வரை உண்டு. திடீர் மூச்சு வாங்கல் அதன் அடையாளமாக இருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பகலிலேயே குழறுகிறாரா, ஆளை மாற்றிச் சொல்கிறாரா? சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குறைவு, புது மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நாக்கு தடித்தது போலப் பேச்சு இழுத்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், அன்றே, அந்த நிமிஷமே மருத்துவமனை. எதையும் பெரியம்மாவிடம் சொல்லக் கூடாது. போனை அக்காவிடம் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அன்று காலை பத்தரைக்கு அப்படி ஒன்றும் இல்லை. "பெரியம்மா" என்றேன். நிறுத்தினேன். "சொல்லு கண்ணு." படித்தேன். குச்சியை ஈரத்துணியில் சுற்றியதைச் சொன்ன இடத்தில் "ம்" வரவில்லை, ஒரு மூச்சு மட்டும் வந்தது. அம்மா அழுதுவிட்டுக் காப்பி போட்டதைச் சொன்னதும் சிரித்தார். "அவ எப்பவும் அப்படித்தான்" என்றார். கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டுக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கோடு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"காலையில மட்டும் ஊத்தினா இந்த வெயிலுக்குத் தாங்காது கண்ணு. ரெண்டு வேளையும் ஊத்து. மொட்டுமேல படக்கூடாது. வேர்ல ஊத்து. தொட்டிக்கு அடியில ஓட்டை வெச்சிருக்கியா?"

வைத்திருக்கிறேன் என்றேன். வைத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டேன்.

போன் அக்கா கைக்கு மாறியது. பின்னால் பெரியம்மாவின் குரல் கொஞ்சம் அதட்டலாகக் கேட்டது. "ரெண்டு வேளைன்னு சொன்னேனே, அது அவனுக்குச் சரியாக் கேட்டுச்சான்னு கேளு."